குற்றாலம் போகாது

போன மாதம் எங்கள் பழைய பணிமனையில் ஒருவருக்குப் பணி ஓய்வு விழா. சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம் கண்டக்டர் ஒருவர் கேட்டார். "சார், இப்பம் சில வண்டியில மிசினே ஊர்ப் பேரச் சொல்லுது. நீங்கள்லாம் தொண்டை கிழியக் கத்துவீங்களாமே, எதுக்கு? அதான் முன்னால போர்டு இருக்கே?"

அந்தச் சத்தத்தில் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. பாயசத்தைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அதிலேயே நின்றது. அதனால் எழுதுகிறேன்.

நான் கண்டக்டராகச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. சில நாட்கள் மூத்தவர் ஒருவரோடு பின்படியில் தொங்கினேன்; பிறகு பையும் விசிலும் கையில் கொடுத்துவிட்டார்கள். தென்காசியில் புறப்பட்டு, குற்றாலம் வழியாகச் செங்கோட்டை போய், கேரள எல்லையான புளியறையைத் தொட்டுத் திரும்பும் வண்டி. வேலையை எனக்கு உண்மையில் சொல்லிக் கொடுத்தவர் தென்காசி பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் செல்லையா சார்.

செல்லையா சார் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கூண்டு மாதிரி ஒரு சின்ன அறை, கம்பி சன்னல், அதற்குப் பின்னால் அவர். சொல்ல வேண்டியதை ஒரு தடவை சொல்லுவார். பிறகு நம்மைத் திருப்பிச் சொல்லச் சொல்லுவார். ஒரு வார்த்தை மாறினாலும் தலையை ஆட்டமாட்டார். நாம் சரியாகச் சொல்லும் வரை பேனாவைக் காகிதத்தின் மேல் தூக்கிப் பிடித்தபடியே இருப்பார்.

நான் சேர்ந்த புதிதில், கூட்டம் ஏறிக்கொண்டிருக்கிறதே என்று ஊர்ப் பேர் சொல்லாமல் நின்றுவிட்டேன். கூப்பிட்டார்.

"முத்தையா, போர்டு யாருக்கு?"

"ஏறுறவங்களுக்கு சார்."

"படிக்கத் தெரிஞ்சு ஏறுறவங்களுக்கு. மத்தவங்களுக்கு உன் தொண்டைதான் போர்டு. போ."

அவர் வைத்திருந்த முறை இது. புறப்படும் முன் மூன்று இடத்தில் சொல்ல வேண்டும். முன்வாசலில் நின்று ஒரு தடவை, பின்வாசலில் ஒரு தடவை, எல்லோரும் உட்கார்ந்த பிறகு வண்டிக்குள் நின்று ஒரு தடவை. உள்ளே சொன்ன பிறகுதான் இரட்டை விசில் கொடுக்கலாம். வழி மாறினால் இன்னும் கவனம். போகாத ஊரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தினமும் ஏறுகிறவர்கள் பழக்கத்தில் ஏறுவார்கள். முதல் வார்த்தை அவர்களை நிறுத்த வேண்டும். அதன் பிறகு எந்த வழி, கடைசியாக எந்த ஊர். காரணம் சொல்லக் கூடாது.

"ஏன் சார் காரணம் சொல்லக் கூடாது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நீ தண்ணி கூடிப்போச்சும்பே. ஒருத்தன் பாலம் போச்சும்பான். இன்னொருத்தன் ரெண்டு பேரு செத்துட்டாங்கம்பான். எங்க போகுதுன்னு மட்டும் சொல்லு. மிச்சத்த அவனவன் மனசு சொல்லிக்கிடும்."

அந்த வருடம் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. சீசன் கூட்டத்தில் தினமும் ஒரே நேரத்துக்கு என் வண்டியில் இரண்டு பேர் ஏறினார்கள். திருவேங்கடத்துக்காரர் ஒருவர், பெயர் சங்கரபாண்டி. கரிசல்காட்டு விவசாயி, முப்பத்தைந்து வயது இருக்கலாம், சீசனுக்குத் தென்காசியில் வந்து தங்கியிருந்தார். கூட அவர் தங்கச்சி மாரியம்மா. அவள் மணிக்கட்டில் ஒரு துண்டின் நுனி கட்டியிருக்கும். மறுநுனி அண்ணன் கையில். முதல் நாள் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவரே சொன்னார்.

"பிள்ள பெத்தா அண்ணாச்சி. பேரு வைக்கதுக்குள்ள தவறிப்போச்சு. அதுலருந்து பேச்சே இல்ல. எங்கயாவது எந்திரிச்சுப் போயிருதா. மாப்பிள்ள வீட்டுல கொண்டாந்து விட்டுட்டாங்க. குற்றாலத்துல ஒரு மண்டலம் தலை நனைச்சா சித்தம் தெளியும்னாங்க. தெளிஞ்சா கூட்டிக்கிடுதோம்னு சம்மந்தகாரர் சொல்லியிருக்காரு."

அப்போதெல்லாம் மனம் சரியில்லாதவர்களை அருவியில் நிறுத்தக் கூட்டிவருவது எங்கள் பக்கத்தில் வழக்கம். சீசனில் வண்டிக்கு ஒருவராவது அப்படி இருப்பார்கள். பெண்கள் குளிக்கிற பக்கம் சங்கரபாண்டி போக முடியாது. அங்கே இருந்த இரண்டு பெண்களிடம் தங்கச்சியை ஒப்படைத்துவிட்டு, இவர் கோயில் பக்கம் திரும்பி நின்றுகொள்வாராம். அவர்கள் தோளைப் பிடித்து அழுத்தி அருவிக்குள் நிறுத்துவார்கள். கொஞ்ச நேரம் கழித்து நனைந்த துணியோடு வெளியே கொண்டுவந்து விடுவார்கள்.

இதில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. தினமும் அவள் ஸ்டாண்டில் அமைதியாகத்தான் நிற்பாள். நான் முன்வாசலில் நின்று "குற்றாலம், குற்றாலம்! செங்கோட்டை, புளியறை!" என்று குரல் கொடுத்ததும் அவள் கை நடுங்க ஆரம்பிக்கும். துண்டு ஆடுவது எனக்குத் தெரியும். படியில் கால் வைக்கமாட்டாள். அண்ணன் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கித்தான் ஏற்றுவார். சுற்றி நிற்பவர்கள் பார்ப்பார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்.

ஒரு நாள் காலையிலிருந்தே மலை தெரியவில்லை. மழை கொட்டியது. நான் முதல் நடை முடித்து வந்து இன்வாய்ஸில் டிக்கெட் எண்களை எழுதிக்கொண்டிருந்தபோது, செல்லையா சார் கூண்டிலிருந்து விரலைக் காட்டினார். குற்றாலத்திலிருந்து போலீஸ் போன் வந்திருக்கிறது. கோயில் முன்னால் கடைத்தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது, பாலத்தில் வண்டி விடவில்லை.

"குற்றாலம் போகாது. இலஞ்சி வழி செங்கோட்டை, புளியறை. சொல்லு."

சொன்னேன். பேனா இறங்கியது. செக்கர் வழியில் ஏறினால் குற்றாலம் ஸ்டேஜில் ஏன் ஒரு டிக்கெட்டும் இல்லை என்று கேட்பார் என்பதால், டிரிப் சீட்டில் வழி மாற்றம் என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டார். டிரைவரிடம் தனியாகச் சொல்லச் சொன்னார். முன்கண்ணாடியில் மாட்டியிருந்த 'குற்றாலம் வழி' தகட்டை நானே கழற்றி சீட்டுக்கடியில் வைத்தேன். பிறகு முன்வாசலுக்கு வந்து குரல் கொடுத்தேன்.

"குற்றாலம் போகாது! குற்றாலம் போகாது! இலஞ்சி வழி செங்கோட்டை, புளியறை!"

ஒரே வாக்கியம்தான். மதுரையிலிருந்து வந்திருந்த புது மாப்பிள்ளை பெண்டாட்டியிடம், "உன் ராசி" என்றான். அவள் கண் கலங்கிவிட்டது. செங்கோட்டைக்குப் போகிற வாத்தியார் ஒருவர் சுற்று வழி இல்லை என்று குடையை மடக்கிக்கொண்டு சந்தோஷமாக ஏறினார். மிளகாய் வத்தல் வாங்க வந்த மலையாளத்து வியாபாரி, புளியறை என்ற ஒரு வார்த்தையை மட்டும் கேட்டுவிட்டு மூட்டையைத் தூக்கினார். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் ஆளின் மனைவி ஒருத்தி தூக்குவாளியில் சோறு கொண்டுபோவாள். அவள் வாயில் அடித்துக்கொண்டு, "ஐயோ, அவுகளுக்கு என்னாச்சு?" என்று என் கையைப் பிடித்துவிட்டாள். "ஒண்ணும் ஆகலம்மா, வண்டிதான் போகல. இலஞ்சியில இறங்கி விசாரிச்சுப் போங்க" என்றேன். நம்பவே இல்லை. முன் சீட்டில் உட்கார்ந்து முந்தானையைக் கடித்துக்கொண்டு வந்தாள். செல்லையா சார் சொன்னது எனக்கு அப்போது விளங்கியது.

இதற்கு நடுவில் மாரியம்மாவைப் பார்த்தேன். துண்டு ஆடவில்லை.

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் பின்வாசலுக்கு வந்து இரண்டாவது தடவை சொன்னபோது அவளும் நகர்ந்து பின்வாசலுக்கு வந்தாள். மறுபடி கேட்க வந்தாள் என்றுதான் நினைக்கிறேன். கேட்டு முடித்ததும் படியில் கால் வைத்துத் தானாக ஏறினாள். துண்டின் மறுநுனியைப் பிடித்திருந்த அண்ணன் பின்னாலேயே இழுபட்டு ஏறினார். சன்னலோரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"இறங்கு தாயி, வண்டி அங்கன போகலயாம். நாளைக்குப் போவோம்" என்றார் அவர். அவருக்கு ஒரு நாள் போயிற்றே என்ற கவலை. மண்டலம் தடைப்பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அவள் அசையவில்லை. நான் டிக்கெட்டுக்கு வந்தேன்.

"எங்க அண்ணாச்சி போறீங்க?"

"தெரியலயே. இவளா ஏறி உக்காந்தது இன்னைக்குத்தான். இறக்க மனசு வரல. வண்டி எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் கொடுங்க."

புளியறைக்கு இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். உள்ளே நின்று மூன்றாவது தடவையும் சொல்லிவிட்டு இரட்டை விசில் கொடுத்தேன்.

இலஞ்சி தாண்டி வயல்வெளியில் போகும்போதுதான் அது நடந்தது. நான் அடுத்த சீட்டில் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு அருவிக்குப் போகலயாண்ணே?"

குரல் கரகரவென்று இருந்தது. ரொம்ப நாள் திறக்காத கதவு மாதிரி. சங்கரபாண்டி திரும்பி என்னைத்தான் முதலில் பார்த்தார், கேட்டது யார் என்பது போல. பிறகு தங்கச்சியைப் பார்த்தார்.

"இல்ல தாயி. போகல."

அவள் தலையாட்டிவிட்டு மறுபடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் செங்கோட்டை வரும் வரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

புளியறையில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றன. நானும் டிரைவரும் குடிக்கிற டீக்கடைக்கு அவர்களும் வந்தார்கள். அவர் புட்டும் பயறும் வாங்கிக் கொடுத்தார். அவள் பசியோடு சாப்பிட்டாள். ஒரே பெஞ்சில் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவர்கள்.

"ஏன் தாயி, அருவின்னா அவ்வளவு பயமா? தண்ணி ஓங்கி அடிக்கா?"

"தண்ணி அடிச்சா என்ன?" என்றாள். "அங்கன அவன் சத்தம் கேக்க மாட்டேங்குண்ணே."

"எவன் சத்தம்?"

"என் பிள்ள."

சங்கரபாண்டி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்பவும் அழுதுக்கிட்டே இருக்கான். எனக்குக் கேக்குது. ராத்திரி எந்திரிச்சு எங்கன அழுகான்னு பாக்கப் போவேன், பிடிச்சுக் கட்டிப் போடுதீங்க. அருவிக்குள்ள தள்ளுனா அந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்க மாட்டேங்கு. வெளிய வந்தாலும் கொஞ்ச நேரம் கேக்காது. போயிட்டானோன்னு இருக்கும்."

கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மாரியம்மாவுக்கு வந்தது பயம் என்று நானும் நினைத்திருந்தேன், எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவளிடமிருந்து பிள்ளையைத் தினமும் ஒரு தடவை பிடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறோம். "குற்றாலம்" என்று நான் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு அதுதான் கேட்டிருக்கிறது. "குற்றாலம் போகாது" என்றபோது, இன்றைக்குப் பிள்ளை உன்னோடு இருப்பான் என்று கேட்டிருக்கிறது.

அண்ணன் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து கேட்டார். "இப்பம் கேக்குதா தாயி?"

"ம். அழல. முனங்குதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். அவள் எச்சில் கையோடு அவர் முதுகைத் தடவினாள். டிரைவர் ஆரன் அடித்தார். நான் எழுந்து போய்த் திரும்புகால் நடைக்குக் குரல் கொடுத்தேன்.

மறுநாள் வெள்ளம் வடிந்துவிட்டது. நான் தகட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தபோது சங்கரபாண்டி வேகமாக வந்தார். தங்கச்சி தூரத்தில் கடை ஓரமாக நின்றாள். அவள் பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு ஒரு பெரியவர், தோளில் குளிக்கிற துண்டு.

"அண்ணாச்சி, தங்கச்சியோட மாமனார் வந்திருக்காரு. ஒழுங்கா மண்டலம் நடக்கான்னு பாக்க வந்திருக்காரு. நான் கூட்டிட்டுப் போகமாட்டேன்னா சண்டைக்கு வருவாரு. உறவே அத்துப்போகும். இன்னைக்கும் குற்றாலம் போகாதுன்னு நீங்க சொல்லிருங்க. வண்டியே போகலன்னா யாரு என்ன சொல்ல முடியும்?"

"வண்டி போகுதே அண்ணாச்சி."

"ஒரு தடவ. ஒரே ஒரு தடவ சொல்லிருங்க."

நான் செல்லையா சாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். புளியறையில் நடந்ததையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். கம்பி வழியே அந்தப் பெண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"நேத்து சோத்துவாளியோட ஒரு பொம்பள அழுதுட்டு வந்தாள்லா?"

"ஆமா சார்."

"இன்னைக்கும் நிக்கா, பாரு. போகாதுன்னா அவ என்ன நெனைப்பா?"

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"வண்டிக்கு நீ சொல்லு, முத்தையா. அவரு தங்கச்சிக்கு அவருதான் சொல்லணும்." பிறகு மெதுவாகச் சொன்னார். "அவங்க ஊர்ப் பக்கம் போற சங்கரன்கோவில் வண்டி இப்பம் எடுத்துருவான். நான் நிக்கச் சொல்லுதேன். அதையும் அவருட்ட சொல்லு."

வந்து சொன்னேன். சங்கரபாண்டி என்னைத் திட்டவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். நான் முன்வாசலில் நின்றேன். ஒருபோதும் அவ்வளவு கனமாக இருந்ததில்லை அந்த ஊர்ப் பேர்.

"குற்றாலம், குற்றாலம்! செங்கோட்டை, புளியறை!"

தூக்குவாளிக்காரி சிரித்துக்கொண்டு ஏறினாள். புது மாப்பிள்ளை பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். மாமனார் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, "வாங்க, ஏறுங்க" என்றார். மாரியம்மாவின் கை நடுங்க ஆரம்பித்தது.

சங்கரபாண்டி குனிந்து அவள் மணிக்கட்டில் இருந்த முடிச்சை அவிழ்த்தார். இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தார்.

"அருவிக்குப் போகல தாயி. நம்ம ஊருக்குப் போறோம்."

மாமனார் திரும்பினார். "என்னவே சொல்லுதீரு? மண்டலம் முடியல."

"முடியாட்டிப் போகுது மாமா. அவளுக்கு அது வேண்டாமாம்."

"வேண்டாமாமா? பைத்தியத்துட்ட கேட்டா நடத்துவீரு? இப்பம் கூட்டிட்டுப் போனீருன்னா, அதோட சரி. இனிம எங்க வாசல்ல அவ கால் படாது."

தங்கச்சியின் வாழ்க்கை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது என்று சங்கரபாண்டிக்குத் தெரியும். அவளைப் பார்த்தார். அவள் கட்டு இல்லாத கையை மறுகையால் தடவிக்கொண்டு நின்றாள். நடுக்கம் நின்றிருந்தது.

"சரி மாமா" என்றார்.

நான் உள்ளே நின்று சொல்லிவிட்டு விசில் கொடுத்தேன். வண்டி திரும்பும்போது பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சங்கரன்கோவில் வண்டியின் படியில் அவள் முன்னால் ஏறினாள். அண்ணன் பின்னால் ஏறினார். மாமனார் ஸ்டாண்டின் நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

எண்பதுகளில் என்னைச் சங்கரன்கோவில் பக்கம் மாற்றினார்கள். செல்லையா சார் அதற்குள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். திருவேங்கடம் போகிற நடையில் முதல் வாரத்திலேயே ஸ்டாண்டில் சங்கரபாண்டியைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. நான்தான் முதலில் அடையாளம் கண்டேன். என் குரலைக் கேட்டதும் அவரும் கண்டுகொண்டார். மர நிழலில் உட்கார்ந்தோம்.

"தங்கச்சி எப்படி அண்ணாச்சி இருக்கா?"

"போன மழைக்கு மஞ்சக்காமாலை வந்து போயிட்டா" என்றார்.

அவரே பேசினார். மாப்பிள்ளை அடுத்த தையிலேயே வேறு கல்யாணம் செய்துகொண்டாராம். மாரியம்மா அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். பருத்தி எடுக்கப் போவாள், மிளகாய்ப் பழம் பொறுக்குவாள். ஊரில் யாருடனும் பேசமாட்டாள். அண்ணனிடம் மட்டும் பேசுவாள்.

"காட்டுலருந்து வந்து கால் கழுவுனதும் நான் கேப்பேன், இன்னைக்கு எப்படி இருக்கான் தாயின்னு. ஆரம்பத்துல அழுகான்னுதான் சொல்லுவா. பொறவு சிரிக்கான்னா. ஒரு நாளு, மாமான்னு சொல்லப் பழகிட்டான்ணேன்னா. வருசம் போகப் போக அவனும் வளந்துட்டே இருந்தான் அண்ணாச்சி. பள்ளிக்கூடம் போகணும்ங்கான்னு சொன்னா. எம் பொண்டாட்டி முதல்ல பயந்தா. பொறவு அவளும் கேக்க ஆரம்பிச்சிட்டா."

ஆடுகள் ஸ்டாண்டைக் கடந்து போயின. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மண்டலத்த முடிச்சிருந்தா புருசன் வீட்டுல இருந்திருப்பாளோன்னு சில நாள் தோணும். இருந்திருப்பா. ஆனா அந்தப் பயல அருவியிலயே விட்டுட்டுல்லா போயிருப்பா."

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

"கடைசி நாளு அவளுக்குப் பேச்சு இல்ல. நான் வழக்கம்போல கேட்டேன், எப்படி இருக்கான்னு. கண்ண மட்டும் திறந்து பாத்தா. மறுநாள் எடுத்தோம். ஊர்க்காரங்க ஒருத்திய எடுத்தோம்னுதான் நெனைக்காங்க. ரெண்டு பேருன்னு நான் யாருட்ட போய்ச் சொல்ல?"

வண்டி எடுக்க நேரமாகிவிட்டது. டிரைவர் ஆரன் அடித்தார். சங்கரபாண்டி என் கையைப் பிடித்தபடியே இருந்தார். அவராக விடும் வரை நானும் எழுந்திருக்கவில்லை.